மாதவிடாய் நிற்பது பயிற்சியின் பயன் அன்று

நெடுந்தொலைவு ஓட்டத்திலும் நாட்டியத்திலும் ஈடுபடும் இளம்பெண்கள் சிலருக்குத் தொடர்ந்து சில மாதங்கள் மாதவிடாய் வராமற் போவதுண்டு. கடுமையாக உழைக்கும் உடலுக்கு இது இயல்பே என்று பயிற்சியாளர் சிலர் கருதுகின்றனர். தொல்லை விட்டது என்று பெண்களிற் சிலரும் மகிழ்கின்றனர். இவ்வெண்ணம் தவறானது, அதனை மாற்றும் வாய்ப்பு ஆசிரியர்க்கும் சுகாதாரப் பணியாளர்க்குமே மிகுதியாக உண்டு என்பது நம் கருத்து.

1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பார்பரா டிரிங்க்வாட்டரும் அவர்தம் துணைவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாதவிடாய் நின்றுபோன 14 வீராங்கனையரையும், அது ஒழுங்காக நிகழ்ந்த 14 வீராங்கனையரையும் அவர்கள் ஒப்பிட்டனர். இரு சாராரும் ஏறத்தாழ 25 வயதினர். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் சதுர சென்டிமீட்டருக்கு முதற் குழுவினர்க்கு 1.12 கிராமும், மற்றவர்க்கு 1.30 கிராமும் கனிமச் செறிவு காணப்பட்டது. உடற்கொழுப்பின் அளவில் இரு குழுவினரும் ஒத்திருந்தனர். ஆனால் மாதவிடாய் நின்றவர்கள் வாரந்தோறும் மிகுதியான தொலைவு ஓடினர். ஆகவே, எடைப் பொறியின் முள்ளை மட்டும் நம்புதல் போதாது.

இதன் காரணத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவியின் உடலில் கொழுப்பு 10 கிலோ என்று கொள்வோம். எஞ்சிய 40 கிலோவே தசை, எலும்பு, உள்ளுறுப்புகள் முதலியன. அவள் நாளொன்றுக்கு 1,600 கலோரி உண்கிறாள். 10 கிலோமீட்டர் ஓடி ஏறத்தாழ 500 கலோரி செலவிடுகிறாள். உடலின் மற்றெல்லாப் பணிகளுக்கும் 1,100 கலோரியே மிஞ்சுகிறது. அதாவது, கொழுப்பற்ற எடையில் கிலோவுக்கு 27.5 கலோரி. நலமாக இயங்க ஏறத்தாழ 45 கலோரி வேண்டும். இது 30-க்குக் கீழே இறங்கினால், சில நாட்களிலேயே இனப்பெருக்கச் சுரப்புகள் குன்றத் தொடங்குவதை ஆன் லவுக்ஸ் என்பாரின் சோதனைகள் காட்டின. எல்லோர்க்கும் ஒரே எல்லை பொருந்தாது எனினும், வழிகாட்டியாக இது பயன்படும். ஓடாத ஒருத்திக்கு அதே உணவு கிலோவுக்கு 40 கலோரி தரும் என்பதையும் நோக்குக.

பற்றாக்குறையை உணர்ந்த மூளை, கருப்பைக்குரிய வேலைகளை நிறுத்திச் சிக்கனம் செய்கிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் அனுப்பும் தூண்டுதல் குறைகிறது, பிட்யூட்டரி சோர்கிறது, சூலகம் ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பதும் குறைகிறது. எலும்பு கரைவதைத் தடுக்கும் காவலாகிய ஈஸ்ட்ரோஜன் நீங்கவே, எலும்பு கரைவது மிகுகிறது. உணவுக் குறையால் புதிய எலும்பு உருவாவதும் தளர்கிறது. உடல் செலவைச் சுருக்கிக்கொள்வதால் எடை குறையாமலே இவையெல்லாம் நிகழக்கூடும். எலும்பைச் சேமித்து வைக்க வேண்டிய பருவமும் இதுவே என்பதுதான் பெருந்துன்பம்.

ஆகவே ஆசிரியரும் சுகாதாரப் பணியாளரும் எடையோடு மற்றொன்றையும் தனிமையில், நாணமூட்டாமல் கேட்க வேண்டும்: "கடைசியாக எப்போது வந்தது?" 15 வயதாகியும் பூப்பெய்தாமையும், முன்பு ஒழுங்காக வந்தது மூன்று மாதம் வராமையும் மருத்துவரிடம் அனுப்பப் போதிய காரணங்களாகும். கர்ப்பம், தைராய்டு நோய் முதலிய பிற காரணங்களை மருத்துவரே விலக்குவார். முழந்தாளுக்குக் கீழோ பாதத்திலோ ஓடும்போது மிகுந்து, ஓர் இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் நோகும் வலியை 'சுளுக்கு' என்று எண்ணி ஓடவிடுதல் கூடாது. எலும்பில் மெல்லிய கீறல் இருக்கலாம். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரே படத்திலும் அது தெரியாமற் போகக்கூடும்.

மாத்திரை கொடுத்து உதிரப்போக்கை வரவழைத்தால் போதும் என்று எண்ணுவதும் தவறு. கருத்தடை மாத்திரையால் வரும் உதிரம் இயற்கையான சுழற்சி மீண்டதைக் காட்டாது. நோயை மறைக்கவே செய்யும். உணவே முதன்மையான மருந்து. மேற்கூறிய மாணவிக்கு 2,300 கலோரி வேண்டும், குறைவு 700. ஐம்பது கிராம் வேர்க்கடலை, ஒரு தம்ளர் பால், இரண்டு வாழைப்பழம் ஆகியவை அதில் ஏறத்தாழ 600-ஐ ஈடுசெய்யும். இயலாவிடில், ஓட்டத்தின் தொலைவைக் குறைத்தே ஆகவேண்டும். உணவைக் கண்டு அஞ்சுபவளுக்கு மனநல மருத்துவரின் துணையும் தேவை.

மாதவிடாய் மீண்டபின் எலும்பும் ஓரளவு மீள்கிறது. இழந்தது முழுவதும் திரும்பும் என்று உறுதி கூற இயலாது. ஆதலின் போட்டி முடியட்டும் என்று காத்திராமல், மூன்றாம் மாதத்திலேயே கேட்டறிந்து அனுப்புவதே முறை.