114 டாலர் இடைவெளி

2025 அக்டோபர் 11, சனிக்கிழமை. பின்னிரவு 2 மணி தாண்டி இந்தியா ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தது. சீனப் பொருள்களுக்குக் கூடுதலாக 100 சதவீத வரி என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் அறிவித்த சற்று நேரத்தில் கிரிப்டோ சந்தை சரிந்தது. முந்தைய நாள் 1,22,000 டாலரை ஒட்டி இருந்த பிட்காயின் 1,05,000 டாலர் அருகே வந்து விழுந்தது. சிறிய காயின்கள் பலவற்றின் கதை இன்னும் மோசம். ஒரே நாளில் 1,900 கோடி டாலருக்கும் அதிகமான கடன் வியாபாரம் கட்டாயமாக முடித்துவைக்கப்பட்டதாக, இந்தக் கணக்குகளைத் தொகுக்கும் காயின்கிளாஸ் நிறுவனம் தெரிவித்தது.

காணாமல்போன அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்கு உரிமையாளர்கள் அலாரம் வைத்துவிட்டுத்தான் தூங்கியிருப்பார்கள். அலாரம் அடித்தும் இருக்கும். எந்த எண்ணைப் பார்த்து அடித்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பெங்களூரில் ஒருவர் 1,00,000 டாலர் விலையில் ஒரு பிட்காயினை ஃப்யூச்சர்ஸில் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து போட்டது 10,000 டாலர். மீதியெல்லாம் 10 மடங்கு லெவரேஜ் தரும் பலம். விலை 10 சதவீதம் இறங்கினால் போட்ட பணம் காலி. ஆனால் எக்ஸ்சேஞ்ச் அதுவரை காத்திருக்காது. குறைந்தபட்சம் இவ்வளவு மார்ஜின் எப்போதும் இருந்தாக வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கும். அது 0.5 சதவீதம் என்றால், லிக்விடேஷன் விலை இப்படி வரும்:

```
(100000 - 10000) / (1 - 0.005) = 90452
```

விலை 90,452 டாலரைத் தொட்டால் எக்ஸ்சேஞ்சின் கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் பொசிஷனை எடுத்துக்கொள்ளும். அந்த நிலையிலும் சுமார் 450 டாலர் பாக்கி இருக்கிறதே என்று கேட்கலாம். அது பெரும்பாலும் கட்டணத்துக்கும் எக்ஸ்சேஞ்சின் இன்ஷூரன்ஸ் நிதிக்கும் போய்விடும்.

இங்கே விலை என்பது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை அல்ல. பல சந்தைகளின் விலைகளைச் சேர்த்துக் கணக்கிடப்படும் மார்க் விலை. சார்ட்டில் தெரியும் கடைசி விலைக்கு அலாரம் வைத்தவருக்கு, ஒரே ஒரு பெரிய ஆர்டரால் ஏற்படும் சிறு சறுக்கலுக்கும் மணி அடிக்கும். இரண்டு விலைகளும் விலகி நிற்கும் நேரத்தில், அடிக்க வேண்டியபோது அடிக்காமலும் போகும். எக்ஸ்சேஞ்சுகள் புரோகிராம் மூலம் தரும் தகவலில் `markPrice`, `liquidationPrice` என்று இரண்டுமே தனித்தனியாக வருகின்றன. கண்காணிக்க வேண்டியது இவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியைத்தான்.

ஆனால் பெரும்பாலோர் பார்ப்பது வேறொரு எண்ணை. எக்ஸ்சேஞ்சின் திரையில் மார்ஜின் ரேஷியோ என்று ஒரு சதவீதம் தெரியும். இருந்தாக வேண்டிய மார்ஜினை, மிச்சம் இருக்கும் மார்ஜினால் வகுத்தால் வருவது அது. 100-ஐ எட்டினால் கதை முடிந்தது. 80-ல் எச்சரிக்கச் சொன்னால் போதுமே, 20 சதவீதம் பாக்கி இருக்குமே என்று தோன்றுவது இயல்பு. பெங்களூர்க்காரரின் கணக்கில் இதைப் போட்டுப் பார்த்தால் தூக்கம் போய்விடும்.

விலை 94,000-க்கு இறங்கும்போது அவருடைய 10,000-த்தில் மிச்சம் 4,000. இருந்தாக வேண்டியது 470. ரேஷியோ 12 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. பச்சை நிறத்தில் சாந்தமாக இருக்கிறது திரை. ஆனால் லிக்விடேஷன் விலைக்கு இன்னும் 3.8 சதவீதம்தான் பாக்கி. 92,000-ல் ரேஷியோ 23. இடைவெளி 1.7 சதவீதம். 91,000-ல் ரேஷியோ 45ஐத் தாண்டுகிறது, பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை என்று தோன்றும். உண்மையில் இடைவெளி 0.6 சதவீதம். அவர் ஆசையோடு வைத்த 80 சதவீத அலாரம் அடிப்பது 90,566 டாலரில். அதாவது, கதை முடிவதற்கு 114 டாலர் முன்னால். பிட்காயின் சாதாரண நாளில் ஒரு நிமிடத்தில் நகரக்கூடிய தூரம் அது.

காரணம் எளிது. இருந்தாக வேண்டிய மார்ஜின் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது; அதை வகுக்கும் மிச்சப் பணம்தான் கரைகிறது. வகுக்கும் எண் பூஜ்யத்தை நெருங்கும்போது விடை கடைசி நொடியில் எகிறும். அந்த ரேஷியோ, எக்ஸ்சேஞ்ச் தன் பணத்தைப் பாதுகாத்துக்கொள்ள வைத்திருக்கும் கருவி. வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சேதி சொல்ல அது உருவாக்கப்படவில்லை.

ஆகவே அலாரத்தை இடைவெளியின் மீது வைக்க வேண்டும். எத்தனை சதவீதத்தில்? இதற்கு விடை சந்தையில் மட்டும் இல்லை, வியாபாரியின் வீட்டிலும் இருக்கிறது. மணி அடித்ததும் என்ன செய்வார், அதற்கு எத்தனை நிமிடம் ஆகும்? வங்கியிலிருந்து ரூபாய் போய், அது டாலர் காயினாக மாறி, வேறொரு எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேர 40 நிமிடம் ஆகும் என்றால், கடந்த ஓராண்டில் ஏதாவது ஒரு 40 நிமிடத்தில் பிட்காயின் அதிகபட்சம் எத்தனை சதவீதம் விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இடைவெளி அதைவிடக் குறையும் முன்பே மணி அடிக்க வேண்டும். தேவையான பணத்தை அதே எக்ஸ்சேஞ்சில், பக்கத்து வாலட்டில், தொடாமல் வைத்திருப்பவருக்கு இது 2 நிமிடம். அவருடைய அலாரம் இன்னும் நெருக்கமாக இருக்கலாம்.

இந்தக் கணக்கைப் போடும்போதுதான் சங்கடமான ஓர் உண்மை தெரியவரும். அக்டோபர் 11 போன்ற இரவில் விழும் வேகத்துக்கு எதிராக 40 நிமிட அவகாசம் வேண்டும் என்றால், 10 மடங்கு லெவரேஜில் பொசிஷனைத் திறந்த கணத்திலேயே அலாரம் அடித்தாக வேண்டும். ஆரம்ப இடைவெளியே 9.5 சதவீதம்தான். அதே பிட்காயினை 3 மடங்கில் வாங்கியிருந்தால் லிக்விடேஷன் விலை 67,000 அருகே இருக்கும். 14 சதவீதம் விழுந்து 86,000-க்கு வந்தாலும் இன்னும் 22 சதவீதம் மிச்சம். அந்த இரவில் 3 மடங்குக்காரருக்கு அலாரம் பயன்படும்; 10 மடங்குக்காரருக்கு அது வெறும் துக்கச் செய்தி.

எச்சரிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். பிட்காயின் 6 சதவீதம் வீழ்ச்சி என்ற வாசகத்தால் இரவு 2 மணிக்கு யாருக்கும் பயனில்லை. செய்ய வேண்டியதை எண்ணாகச் சொல்ல வேண்டும். 94,000-ல் நிற்கும் பெங்களூர்க்காரர் இடைவெளியை மறுபடியும் 8 சதவீதமாக்க விரும்பினால் லிக்விடேஷன் விலை 86,480-க்கு இறங்க வேண்டும். அதற்கு மொத்த மார்ஜின் 13,952 டாலர் தேவை. ஆக, போட வேண்டியது 3,952 டாலர். செய்தியில் இந்த ஒரு வரி இருந்தால் போதும். பாதியை விற்றுவிடலாமே என்றால், அதில் ஒரு சூட்சுமம் உண்டு. தனி மார்ஜின் முறையில், சில எக்ஸ்சேஞ்சுகளில், பாதியை விற்றால் பாதி மார்ஜினும் பொசிஷனை விட்டு வெளியே வந்துவிடும். லிக்விடேஷன் விலை ஓர் அங்குலம்கூட நகராது. ஆபத்தில் இருக்கும் தொகைதான் பாதியாகும். வெளியே வந்த பணத்தைத் திரும்பப் போட்டால்தான் விலை நகரும்.

விலை அசையாமல் இருக்கும்போதும் இடைவெளி சுருங்கும் என்பது பலருக்கும் தாமதமாகவே உறைக்கிறது. காலாவதி இல்லாத இந்த ஃப்யூச்சர்ஸில், வாங்கியவரும் விற்றவரும் ஒருவருக்கொருவர் ஃபண்டிங் என்ற தொகையைக் கொடுத்துக்கொள்கிறார்கள். பல எக்ஸ்சேஞ்சுகளில் இது 8 மணி நேரத்துக்கு ஒரு முறை: இந்திய நேரம் காலை 5.30, பகல் 1.30, இரவு 9.30. ஒரு முறைக்கு 0.01 சதவீதம் என்றால் 1,00,000 டாலர் பொசிஷனுக்கு 10 டாலர். ஒரு மாதத்தில் 900. அது மார்ஜினிலிருந்து கழிக்கப்பட்டால், 90,452-ல் இருந்த லிக்விடேஷன் விலை மாதக் கடைசியில் 91,357-க்கு ஏறி நிற்கும். பொசிஷன் எடுத்த நாளில் கணக்கிட்ட விலைக்கு அலாரம் வைத்துவிட்டு மறந்தவர், இல்லாத வேலிக்குக் காவல் காக்கிறார். லிக்விடேஷன் விலையை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு வாங்குவதுதான் சரி.

கணக்கில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே மார்ஜினாகச் சேர்க்கும் கிராஸ் முறையில் நிலைமை இன்னும் சிக்கல். அக்டோபர் 11 அதற்குக் கண்கூடான சாட்சி. யு.எஸ்.டி.இ. என்ற காயின் ஒரு டாலருக்குச் சமமாக இருக்க வேண்டியது. பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சில் மட்டும் அது 65 சென்ட் அருகே விழுந்தது. மற்ற இடங்களில் அந்த அளவுக்கு விழவில்லை. அதை ஈடாக வைத்து வியாபாரம் செய்தவர்களின் மார்ஜின், அவர்கள் வாங்கிய காயினின் விலையோடு சம்பந்தமே இல்லாமல் உருகியது. பைனான்ஸ் பிற்பாடு சுமார் 28 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. பிட்காயின் விலைக்கு மட்டும் அலாரம் வைத்திருந்தவருக்கு அது பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கும். ஈடாக வைத்த பொருளுக்கும் தனி அலாரம் வேண்டும். ஈதரை ஈடாக வைத்து பிட்காயின் வாங்குபவருக்கு இரண்டும் சேர்ந்தே விழும் என்பதால் இடைவெளி இரு பக்கமிருந்தும் சுருங்கும்.

இதையெல்லாம் ஒரு சின்ன புரோகிராம் நிமிடத்துக்கு நான்கு முறை பார்த்துக்கொள்ளும். எக்ஸ்சேஞ்ச் தரும் சாவி படிக்க மட்டும் அனுமதி உள்ளதாக இருக்க வேண்டும். பணம் எடுக்கும் அனுமதி கூடவே கூடாது. ஒரே கோட்டின் மேலும் கீழும் விலை ஊசலாடினால் 50 முறை போன் அலறும். எரிச்சலில் அதை அணைத்துவிடுவார்கள், 51-வது முறைதான் நிஜமாக இருக்கும். எனவே 5 சதவீதத்தில் அடித்த மணி, இடைவெளி 6-க்கு மேல் திரும்பிய பிறகே மறுபடியும் 5-ல் அடிக்கும்படி வைப்பார்கள், விவரம் தெரிந்தவர்கள். முதல் எச்சரிக்கைக்கு மெசேஜ் போதும். கடைசி எச்சரிக்கை போன் அழைப்பாக வர வேண்டும், அந்த எண் போனின் இரவு மௌனத்தையும் மீறி ஒலிக்கும்படி.

எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு சத்தமே இல்லாதது. சந்தை கொந்தளிக்கும் நேரத்தில்தான் எக்ஸ்சேஞ்சின் கம்ப்யூட்டரும் திணறும். கடைசியாக வந்த விலையையே புரோகிராம் பத்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். இடைவெளி 7 சதவீதம், ஆபத்தில்லை என்று அது நம்பும். இதைக் கண்டுபிடிக்க விலையோடு வரும் நேரத்தையும் படிக்க வேண்டும்; அது 60 நொடிக்கு மேல் பழையது என்றால் விலை எதுவாக இருந்தாலும் மணி அடிக்க வேண்டும். புரோகிராமே நின்றுபோனால்? இரவு படுக்கும் முன் ஒன்று, விடிந்ததும் ஒன்று என்று, எல்லாம் சரி என்ற மெசேஜை அது தினமும் அனுப்பும்படி வைத்துக்கொள்ளலாம். ராத்திரி 10 மணி மெசேஜ் வரவில்லை என்றால், படுப்பதற்கு முன் லேப்டாப்பைத் திறந்தாக வேண்டும்.