புரோகிராமிங் படிக்க லேப்டாப்: ஐ7 முக்கியமா, 16 ஜிபி ரேம் முக்கியமா?

கம்ப்யூட்டர் சயின்ஸ் சேரும் மகனுக்கோ மகளுக்கோ லேப்டாப் வாங்க கடைக்குப் போனால், முதலில் காட்டப்படுவது 'ஐ7' ஸ்டிக்கர்தான். ரேம் 8 ஜிபி என்பது பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். இரண்டாம் ஆண்டில் லேப்டாப் திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் சின்ன எழுத்துதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தாலே புரியும். விண்டோஸ் 11-க்கு மட்டும் சுமார் 3 ஜிபி போய்விடும். லேப் பயிற்சிக்காக விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு போட்டு 4 ஜிபி ஒதுக்கினால், மீதி 1 ஜிபி. அதற்குள் இரண்டு கோடு எடிட்டர், பத்து டேப் திறந்த பிரவுசர் எல்லாம் அடங்காது. இடம் போதாதபோது விண்டோஸ் தகவலை எஸ்எஸ்டிக்கு மாற்றி மாற்றி எழுதும். ரேமைவிட எஸ்எஸ்டி பல மடங்கு மெதுவானது. அதனால்தான் எல்லாம் உறைந்து நிற்கிறது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. டாஸ்க் மேனேஜரில் சிபியு 20 சதவீதத்தில் சும்மா இருக்க, மெமரி 90-ஐத் தாண்டி, டிஸ்க் 100-ஐத் தொட்டால் பற்றாக்குறை ரேமில்தான். அங்கே ஐ7 இருந்தும் பயனில்லை.

'கன்டெய்னர் லேசானதுதானே?' என்று கேட்கலாம். லினக்ஸில் அது உண்மை. இருக்கிற கெர்னலையே அது பகிர்ந்துகொள்ளும். விண்டோஸில் டாக்கர் வழக்கமாக டபிள்யூஎஸ்எல்2 என்ற மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுகிறது. அது மொத்த ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதே இயல்பான அமைப்பு. யூசர் ஃபோல்டரில் `.wslconfig` என்ற ஃபைலில் இப்படி எழுதினால் வரம்பு விழும்:

```
[wsl2]
memory=4GB
```

பிறகு `wsl --shutdown` கொடுத்து மறுபடி திறக்க வேண்டும்.

16 ஜிபியில் இதே கணக்கு: விண்டோஸ் 3, உபுண்டு 4, டாக்கர் 4, எடிட்டரும் பிரவுசரும் 3. மொத்தம் 14. மூச்சுவிட இடம் இருக்கிறது. ஒரே விலையில் 8 ஜிபி ஐ7, 16 ஜிபி ஐ5 என இரண்டு இருந்தால், இந்தப் படிப்புக்கு இரண்டாவதே சரி.

'அப்புறம் ரேம் சேர்த்துக்கலாம் சார்' என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. காலி ஸ்லாட் உண்டா என்பதை அந்த மாடலின் விவரப் பட்டியலில் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும்.

இன்னொரு கண்ணி, ஏஆர்எம் சிப். ஆப்பிள் எம் வரிசையும் ஸ்னாப்டிராகனும் பேட்டரியில் கெட்டி. ஆனால் கல்லூரி தரும் விஎம் ஃபைல் எக்ஸ்86-க்கானது என்றால், அதில் நேரடியாக ஓடாது. எமுலேஷனில் ஆமை வேகம்தான்.

கல்லூரிகள் இதில் ஒதுங்கி நிற்கக் கூடாது. லேப்பில் எந்த விஎம் ஓடும், எவ்வளவு ரேம் தேவை என்று அட்மிஷன் கடிதத்தோடு ஒரு பக்கம் கொடுத்தால் போதும். கடன் வாங்கி லேப்டாப் எடுக்கும் குடும்பம், ஒரே படிப்புக்கு இரண்டு முறை செலவு செய்யாமல் தப்பும்.