யாரிடம் எதைக் கேட்பது?

போன மாதம் எங்கள் புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில், பழைய மாணவர்கள் நால்வரை இறுதியாண்டு பி.காம். பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்து வைக்கும் வேலை என்னிடம் வந்தது. சங்கச் செயலாளர் பக்கத்து வீட்டுக்காரர், அதனால் தப்ப முடியவில்லை. நால்வரின் பயோடேட்டாவையும் கொடுத்து, "இதை அப்படியே படிச்சிடுங்க சார், போதும்" என்றார். போதாது என்பதுதான் என் கட்சி.

பள்ளிப் படிப்பு முழுவதையும் பிரெஞ்சில் முடித்தவன் நான். கடைசி வருஷம் எங்கள் பள்ளிக்கு மூன்று பெரியவர்கள் வந்தார்கள். அவர்களின் பட்டங்களையும் பதவிகளையும் படித்தார்கள், நாங்கள் கைதட்டினோம். பிரெஞ்சில் படித்தவன் இங்கிலீஷ் ஃபைல் ஓடும் ஆபீசுக்குள் எப்படி நுழைவது என்பது மட்டுமே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த மூவரில் ஒருவர் அதே வழியில் போனவர். ராத்திரியில் டைப்ரைட்டிங் படித்து இங்கிலீஷைப் பிடித்தவர். பல வருஷம் கழித்து அவர் கீழேயே வேலை பார்த்தபோதுதான் அது தெரிந்தது. அன்று தெரிந்திருந்தால் இரண்டு வருஷம் வீணாகியிருக்காது.

ஆகவே ஒரு வாரம் முன்னதாகப் பிள்ளைகளிடம் பெயர் போடாத துண்டுச் சீட்டு வாங்கித் தரச் சொன்னேன். முப்பத்தெட்டு வந்தன. தபால் பிரிப்பதுபோலச் சாப்பாட்டு மேசையில் பிரித்தேன்.

பெரிய அடுக்கு, ரிசல்ட் வருவதற்கு முன்னால் போட்டித் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாமா என்பது. நால்வரில் வங்கி மேலாளர் ஒருவர் இருந்தார். வங்கிக் கேள்வியை அவரிடம் தள்ளத்தான் கை போகும். ஆனால் ஐ.பி.பி.எஸ். பொதுத்தேர்வு வந்தது 2011இல். அவர் அதற்கு வெகுகாலம் முன்பே சேர்ந்தவர். நுழைவது பற்றி அவரைக் கேட்டால் பழைய பாதையைத்தான் சொல்வார். சேர்ந்த பிறகு எந்த ஊருக்குத் தூக்கிப் போடுவார்கள், கடன் பிரிவில் என்ன வேலை என்பதற்கு அவரைவிட ஆள் இல்லை. நுழைவதைப் பற்றிய கேள்வி, இரண்டு வருஷம் முன்பு எஸ்.எஸ்.சி. எழுதி மத்திய அரசு வேலையில் சேர்ந்த பெண்ணுக்குப் போனது. வங்கித் தேர்வும் எழுதிப் பார்த்தவர். எஸ்.எஸ்.சி. பட்டதாரித் தேர்வில், அறிவிப்பில் குறித்த தேதிக்குள் பட்டத் தகுதி வந்துவிடும் என்றால் இறுதியாண்டுப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். ஐ.பி.பி.எஸ். அதிகாரித் தேர்வில், பதிவு செய்யும் நாளிலேயே பட்டதாரி என்பதற்கான சான்று கையில் இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் அவருக்குப் பாடம்.

ஃபவுண்டேஷன் எழுதாமல் சி.ஏ.வுக்குப் போக முடியுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது ஆடிட்டருக்கு. பி.காம். முடித்து, 55 சதவீதம் இருந்ததால் நேரே இன்டர்மீடியட்டில் சேர்ந்தவர் அவர்.

ஏழு சீட்டுகள்தான் என்னை நிறுத்தின. "அரியர் இருந்தால் எங்கும் எடுக்க மாட்டார்களா?" இதை எந்தப் பிள்ளையும் எழுந்து நின்று கேட்காது. நால்வரில் யாருக்கு அரியர் இருந்தது என்பது பயோடேட்டாவிலும் இராது. ஒவ்வொருவருக்கும் போன் போட்டுத் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மா சிரித்துவிட்டு, "எனக்கு இருந்துச்சு ஐயா. தாராளமா சொல்லுங்க. எத்தனை பேப்பர்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். இந்த அனுமதி இல்லாமல் மேடையில் சொல்லியிருந்தால் அது அறிமுகம் ஆகாது, அவமானம்.

அன்றைக்கு ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்கியம்தான். "இந்த அம்மா டிகிரியை அரியரோடு முடித்து, பிறகு எழுதித் தேறி, இன்று ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறார். அரியர் வைத்திருப்பவரின் விண்ணப்பத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்று இவரைக் கேளுங்கள்." கடைசி வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். அவனுக்குப் பின்னால் இன்னும் மூவர்.

பதவி வரிசையில் அறிமுகம் செய்தால் கேள்விகள் எல்லாம் பெரிய பதவிக்காரரிடமே போகும். மற்ற மூவரும் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கேள்வியை வைத்து அறிமுகம் செய்ததில் நால்வருக்கும் வேலை இருந்தது.

ஒரு அடுக்கு மிஞ்சியது: பிரான்சில் மேல்படிப்பு. "இதற்கு இன்று மேடையில் ஆள் இல்லை, அடுத்த முறை கூப்பிடச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். "உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே சார், நீங்களே சொல்லலாமே" என்றார் செயலாளர். எனக்குத் தெரிந்தது அறுபது வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். வங்கி மேலாளருக்குப் போட்ட விதி எனக்கும்தானே!