அரபெழுத்து இருந்தால் சவூதி முத்திரையா?

ஊர்ச் சொந்தங்களே, போன மாதம் பாடசாலைக் கண்காட்சியில் நாங்கள் விட்ட ஒரு பிழையை முதலில் ஒத்துக்கொள்கிறோம். பிள்ளைகள் கொண்டுவந்த பழைய முத்திரைகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டியது ஆசிரியர்களாகிய நாங்கள்தான். ஒன்றில் ஆங்கில எழுத்தே இல்லை. நடுவில் வளைந்து வளைந்து எழுதிய ஒரு சித்திர எழுத்து, கீழே பிறை, ஓரமெல்லாம் அரபெழுத்து. யோசிக்காமல் "சவூதி அரேபியா" என்று ஒட்டிவிட்டோம்.

பார்க்க வந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஹாஜியார் ஒருவர் எங்களைக் கூப்பிட்டார். "சேர், உங்களுக்கு ஓதத் தெரியும்தானே, கீழ உள்ள சொல்ல எழுத்துக் கூட்டிப் பாருங்க" என்றார். பூதக்கண்ணாடி வைத்துக் கூட்டினோம். முதல் எழுத்து 'பா' போல இருந்தது. ஆனால் கீழே ஒரு புள்ளி இல்லை, மூன்று புள்ளி. பிறகு அலிஃப், ரா, ஹா. "குர்ஆன்ல எங்கயாவது மூணு புள்ளி வெச்ச பா கண்டீங்களா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அது 'பாரா' என்ற சொல். உதுமானிய துருக்கியின் சில்லறைக் காசு. 40 பாரா சேர்ந்தால் ஒரு குருஷ். 'பட்டம்' என்பதில் வரும் வல்லின ஒலி அரபு மொழியில் இல்லை. அந்த ஒலிக்காகப் பாரசீகரும் துருக்கியரும் மூன்று புள்ளி வைத்தார்கள். எனவே அந்த எழுத்தைக் கண்டால் எழுத்து அரபு, மொழி வேறு என்று விளங்கிக்கொள்ளலாம். நம் முன்னோர் அரபெழுத்தில் தமிழை எழுதி அதை அரபுத்தமிழ் என்றார்கள். அந்தக் கிதாபுகளை வைத்திருந்த ஊரில் நாங்கள் இப்படிப் பிழைவிட்டது வெட்கம்தான்.

மூன்று புள்ளி துருக்கியை மட்டும் காட்டாது. ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் முத்திரைகளிலும் அது வரும். ஆகவே அடுத்து சின்னத்தைப் பார்க்க வேண்டும். வாளேந்திய சிங்கமும் அதன் முதுகில் சூரியனும் இருந்தால் 1979 புரட்சிக்கு முந்திய ஈரான். எங்கள் முத்திரையில் இருந்த சித்திர எழுத்தின் பெயர் துக்ரா. அது சுல்தானின் பெயரை எழுதிய கையொப்பம். மேலே மூன்று கோடுகள் நிமிர்ந்து நிற்கும், இடப்பக்கம் இரண்டு வளையங்கள் நீளும். பாராவும் துக்ராவும் சேர்ந்தபோது நாடு உறுதியாயிற்று.

துக்ராவை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். மன்னர் அப்துல் அஸீஸின் காலத்துச் சவூதி முத்திரைகளிலும் துக்ரா உண்டு. ஆனால் அவற்றில் நாட்டின் பெயர் பிரெஞ்சு மொழியில், ஆங்கில எழுத்துகளால் அச்சிடப்பட்டிருக்கும். சவூதி அரேபியா என்ற பெயரே 1932இல்தான் வந்தது. அதற்கு முன் ஹிஜாஸ் 1916இலிருந்து தனக்கென முத்திரை வெளியிட்டது. 1925இல் நஜ்து நிர்வாகம் பழைய உதுமானிய முத்திரைகளின் மேலேயே தன் பெயரை அச்சடித்தும் விற்றது. அப்படி மேலச்சு இருந்தால் கணக்கில் எடுக்க வேண்டியது கீழே உள்ள படத்தை அல்ல, மேலே அச்சடித்த பெயரை. தபால் கந்தோரில் குத்திய வட்ட அடையாளத்தையும் இதோடு குழப்பக்கூடாது. அதில் மக்கா என்றிருந்தால் கடிதம் மக்காவில் போடப்பட்டது என்றுதான் பொருள். முத்திரையை வெளியிட்டது யார் என்பதை அது சொல்லாது.

எங்கும் பெயரே இல்லாமல், அரசர் அல்லது அரசியின் தலை மட்டும் இருந்தால் அது பிரித்தானியா. 1840இல் முதன்முதலாக முத்திரை வெளியிட்ட நாடு என்பதால் இன்றும் அது பெயர் போடுவதில்லை. விக்டோரியாவின் தலை நம் நாட்டின் 1857ஆம் ஆண்டு முத்திரையிலும் உண்டு, ஆனால் அதில் சிலோன் என்ற பெயரும் இருக்கிறது. ஆகவே தலையைக் கண்டதும் முடிவு செய்யாமல் ஓரங்களையும் வாசிக்க வேண்டும்.

எங்கள் கருத்து இதுதான். அரபெழுத்தைக் கண்டதும் "அரபுநாடு, சவூதி" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் நாம்தான். துருக்கியரும் பாரசீகரும் ஆப்கானியரும் நம் வாயில் ஒரே நாடாகிவிடுகிறார்கள். மத்ரஸாவில் எழுத்துக் கூட்டப் படித்த பிள்ளைக்கு இதைப் பிரித்தறியும் திறமை ஏற்கெனவே பாதி கையில் இருக்கிறது. புள்ளியை எண்ணு, காசின் பெயரைக் கூட்டு, சின்னத்தைப் பார் என்று சொன்னால் மீதியை அதுவே செய்யும்.

கண்காட்சி முடியுமுன் சீட்டை மாற்றி "உதுமானிய துருக்கி" என்று எழுதினோம். வாப்பாமார், மூத்தாப்பாமார் காலத்துக் கடிதவுறைகள் வீட்டில் இருந்தால் முத்திரையை மட்டும் வெட்டியெடுக்காமல் உறையோடு பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். இந்த முறை நாங்கள் வாசித்துவிட்டே சீட்டு ஒட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.