ஓர் எழுத்தைக் கூட்டுவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஆடும் சொல் விளையாட்டுகளில் ஒன்று உண்டு. ஒரு சிறிய சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அதனுடன் ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்து, எல்லா எழுத்துகளையும் கலைத்து அடுக்கினால் வேறொரு சொல் வர வேண்டும். அந்தச் சொல்லோடு இன்னோர் எழுத்து; மறுபடியும் ஒரு புதுச் சொல். இப்படி ஏணிப்படி போல ஏறிக்கொண்டே போவதுதான் ஆட்டம்.

தமிழுக்கு இது அடியோடு புதிது அல்ல. தண்டியலங்காரம் கூறும் சித்திர கவிகளில் 'எழுத்து வருத்தனம்' என்று ஒன்று இருக்கிறது. ஒரு சொல்லோடு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்ட, வேறு வேறு பொருள் வந்துகொண்டே இருக்கும். எழுத்தைக் குறைத்துக்கொண்டே வருவதற்கு 'அக்கரச் சுதகம்' என்று பெயர். எழுத்துகளைக் கலைத்தும் அடுக்கலாம் என்ற சலுகையைச் சேர்த்துக்கொண்டால் இந்த ஏணி கிடைத்துவிடும்.

ஆனால் இதை ஆங்கில முறைப்படியே ஆட முயல்கிறவர்கள் இரண்டு படி ஏறியதும் திண்டாடுகிறார்கள். காரணம் எளிது. ஆங்கிலத்தில் உயிரெழுத்து தனியாக நிற்கிறது. அதை எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம். தமிழில் உயிர் மெய்யோடு ஒட்டிக்கொண்டு 'க', 'கா', 'கி' என ஓரெழுத்தாகிவிடுகிறது. அதைப் பிரிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. ஆகவே சொல்லைக் கலைப்பதற்குக் கை கொடுப்பவை பெரும்பாலும் புள்ளி வைத்த மெய்யெழுத்துகளே.

ஓர் உதாரணம் பார்க்கலாம். 'கல்' என்பதோடு 'ப' சேர்ந்தால் 'பகல்'. பகலோடு எதைச் சேர்ப்பது? 'ப்' என்ற மெய்யைச் சேர்த்துக் கலைத்தால் 'கப்பல்' வந்து நிற்கிறது! தமிழ்ச் சொல்லில் 'ப்' என்பதற்குப் பின்னால் பகர வரிசை எழுத்துதான் வரும். பகலில் ஒரு 'ப' முன்பே இருந்தபடியால் வந்த மெய்க்குத் துணை கிடைத்தது. 'த்' என்பதைச் சேர்த்திருந்தால் அது துணையின்றித் தவித்திருக்கும். கையில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்து, அவற்றில் எதற்கு இணையான மெய் உண்டு என்று யோசிப்பதே இந்த ஆட்டத்தின் சூட்சுமம்.

'ங்' என்ற எழுத்து இதற்கு மிகவும் உதவுகிறது. 'அங்ஙனம்' போன்ற சிலவற்றை விட்டால் அதற்குப் பின்னால் ககரந்தான். ஆகையால் முதலில் 'க' வர வேண்டும். 'ங்' பிறகு வர வேண்டும். 'கரம்' என்பதோடு 'அ' கூடினால் 'அகரம்'. அதோடு 'ங்' கூடிக் கலைந்தால் 'அரங்கம்'. அதே கரத்தோடு 'த' கூடினால் 'தகரம்'. 'ங்' கூடினால் 'தரங்கம்', அதாவது அலை.

இன்னும் உயரமான ஏணி வேண்டுமென்றால் மேலிருந்து கீழே இறங்குவதே நல்ல வழி. பெரிய சொல்லை எடுத்து ஒவ்வோர் எழுத்தாகக் கழித்துப் பார்க்க வேண்டும். 'சதுரங்கம்' ஆறெழுத்து. இதில் 'க' என்பதை முதலில் கழித்தால் 'ங்' அநாதையாகிவிடும். 'ங்' என்பதை முதலில் கழித்தாலும் சொல் கிடைக்கவில்லை. 'ச' கழிந்தால் 'துரங்கம்', அதாவது குதிரை. பிறகு 'ங்' கழிந்தால் 'துரகம்'. 'து' கழிந்து கலைத்தால் 'கரம்'. அதற்கும் கீழே வழக்கில் உள்ள சொல் இல்லை. ஆகவே ஏணி இதுதான்: கரம், துரகம், துரங்கம், சதுரங்கம்.

இதில் ஒரு குறை உண்டு. துரகமும் துரங்கமும் ஒரே குதிரைதான். ஒவ்வொரு படியிலும் பொருள் மாற வேண்டும் என்பவர்கள் இதைத் தள்ளிவிடுவார்கள், அது நியாயமே. ஆனால் இதைவிடப் பெரிய குற்றம், வேற்றுமை உருபையும் பன்மை விகுதியையும் ஒட்டவைத்துப் படி ஏறுவது. 'கப்பல்' என்பதற்கு மேலே படி காணாதவர்கள் 'கப்பலில்' என்று எழுதித் தப்பப் பார்க்கிறார்கள். எழுத்துக் கணக்குப்படி அங்கே 'லி' என்ற ஓர் எழுத்துதான் கூடியது. ஆனால் வந்தது புதுச் சொல் அல்ல, அதே சொல்லின் வேற்றுமை வடிவம். ஆட்டம் தவறு!

அகராதியில் தனித்து நிற்கும் சொல்தான் செல்லும் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டால் போதும். ஏணி மூன்றே படியோடு நின்றாலும் பழுதில்லை. கப்பல் தரை தட்டினால் தட்டட்டும். கள்ளச் சரக்கை ஏற்றி அதை மிதக்கவிட வேண்டியதில்லை.