சாவி வாங்கும்போது மூன்று கேள்வி

திருத்தணியில் விடுதி நடத்துகிறவர்களுக்கு வரும் விருந்தினர் வேறு ஊர் விருந்தினரைப் போன்றவர் அல்ல. சாயங்காலம் வருவார், குளித்து மலையேறுவார் அல்லது படுத்துவிட்டு விடியற்காலையில் ஏறுவார், இறங்கியதும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அடுத்து வருவது அடுத்த ஆடிக் கிருத்திகைக்கோ பிள்ளைக்கு முடியிறக்கவோதான். வராமல் போனால் ஏன் வரவில்லை என்று நமக்குத் தெரியவே தெரியாது. வாரம் தவறாமல் வரும் விற்பனைப் பிரதிநிதி என்றால் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கோயில் ஊரில் அந்த வசதி இல்லை.

அதனால்தான் பலரும் கல்லாவுக்குப் பக்கத்தில் கருத்துப் புத்தகம் ஒன்றை வைக்கிறார்கள். அதைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நான்கு பக்கம் வாழ்த்து, ஒரு பக்கம் கோபம், மீதியெல்லாம் வெள்ளை. கூகுள் மேப்ஸில் வரும் நட்சத்திரங்களும் இதே குணம்தான். மெனக்கெட்டு எழுதுகிறவர் மிகவும் மகிழ்ந்தவர் அல்லது மிகவும் நொந்தவர். நடுவில் நிற்கிற, லேசான மனக்குறையோடு போகிற பெரும்பான்மையின் குரல் எதிலும் பதிவாவதில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானம் ‘டயல் யுவர் ஈஓ’ என்று நடத்துகிற நிகழ்ச்சியில் பக்தர்கள் செயல் அலுவலரிடமே தொலைபேசியில் குறை சொல்லலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அதிலும் பேசுவது போன் போட்டுப் பேச முன்வருகிறவர்தான். அவ்வளவு பெரிய நிர்வாகத்துக்கு வேறு வழிகளும் ஆட்களும் உண்டு. இருபது அறை வைத்திருப்பவருக்கு வழி ஒன்றுதான்: எழுத வருகிறவருக்காகக் காத்திருக்காமல், கிளம்புகிற எல்லாரையும் நாமே கேட்டுவிடுவது.

கேட்கிறோமே என்பீர்கள். “எல்லாம் சௌகரியமா இருந்துச்சுங்களா?” என்று கேட்டால் “இருந்துச்சுங்க” என்பார்கள். நகரியிலிருந்தோ புத்தூரிலிருந்தோ வந்தவர் “பாகுந்தண்டி” என்பார். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வேளையில் முகத்துக்கு நேரே குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அபிப்பிராயம் கேட்டால் மரியாதைதான் பதிலாக வரும். நடந்ததைக் கேட்டால் நடந்தது வரும். எனவே மூன்றே கேள்வி, மூன்றும் நடந்ததைப் பற்றி. ராத்திரி எதுக்காவது எங்களைக் கூப்பிட வேண்டியிருந்ததா, எதுக்கு? காலையில் கிளம்ப எதனாலாவது தாமதமாச்சா? அடுத்த தடவை வரும்போது ஒண்ணே ஒண்ணு மாத்தி வைக்கணும்னா எதை மாத்தட்டும்? மூன்றாவது கேள்வியில் ‘ஒண்ணே ஒண்ணு’ முக்கியம். குறை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று தப்பிக்கலாம். ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் சொல்வது நமக்குச் செய்கிற உதவி என்று ஆகிவிடுகிறது, நாக்கும் அவிழ்கிறது.

கேட்பவர் அறையைச் சுத்தம் செய்த பையனாக இருக்கக் கூடாது. அவன் எதிரில் கழிவறை சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள், அவனும் அதை எழுத மாட்டான். முதலாளி நேரடியாகக் கேட்டாலும் பதில் குழைந்துவிடும். சாவி வாங்கி முன்பணம் திருப்பித் தருகிற கவுன்டர் ஆளே பொருத்தம். பணத்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்க வேண்டும். முன்பணம் கையில் வராதவரை எந்த விருந்தினரும் உண்மை பேச மாட்டார். 1960 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. இன்றும் வருகிறவர்களில் தெலுங்குக் குடும்பங்கள் கணிசம். அவர்களிடம் தெலுங்கிலேயே கேளுங்கள். தமிழில் கேட்டால் புரியும்தான், ஆனால் ‘சரிங்க’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பதிலை எழுதுவதற்கு நீளக் கணக்கு நோட்டு போதும். தேதி, அறை எண், எத்தனை பேர், எந்த ஊர், சொன்ன சொல். அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் நோட்டு பிழைப்பதும் சாவதும். ‘தண்ணீர்ப் பிரச்சினை’ என்று கவுன்டர் ஆள் சுருக்கி எழுதிவிட்டால் அந்த வரியால் பயனில்லை. குழாயில் வரவில்லை என்றாரா, சுடுதண்ணி பத்தவில்லை என்றாரா, உப்புக் கரிக்கிறது என்றாரா? முதலாவதுக்கு மோட்டாரையும் மேல்தொட்டியையும் பார்க்க வேண்டும், இரண்டாவதுக்கு கெய்சரை, மூன்றாவதுக்கு ஆழ்துளைக் கிணற்றை. அவர் வாயில் வந்ததை அப்படியே எழுதச் சொல்லுங்கள், பிழையோடு இருந்தாலும் சரி.

இன்னொன்று: எண்ண வேண்டியது தலைகளை அல்ல, குழுக்களை. ஒரே வேனில் வந்த பன்னிரண்டு பேர் பன்னிரண்டு முறை சொன்னாலும் அது ஒரு குரல்தான். வேனுக்குள் ஒருவர் ஆரம்பிப்பார், மற்றவர்கள் ஆமாம் போடுவார்கள். ஒரு குழுவுக்கு ஒரு வரி.

இப்போது ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொள்பவை. நாற்பது குழுக்களிடம் கேட்டாயிற்று. ஏழு வரிகளில் வெந்நீர் பத்தவில்லை என்று இருக்கிறது. மற்றவை ஒன்றிரண்டு முறை வந்தவை: கொசு, மின்விசிறிச் சத்தம், தலையணை. ஏழு தடவை திரும்ப வந்ததைப் பார்த்ததும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடத்தான் கை போகும். அவரும் வந்து பார்த்து, கெய்சர் எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு போவார். அடுத்த மாதமும் ஏழு வரி இருக்கும்.

நோட்டில் பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள். ஏழில் ஆறு, நாலு பேரும் அதற்கு மேலும் தங்கிய குழுக்கள். நாற்பதில் அப்படிப்பட்டவை மொத்தம் பதினான்கு. ஆக, பெரிய குடும்பங்களில் பதினான்குக்கு ஆறு. இரண்டு மூன்று பேராக வந்தவர்களில் இருபத்தாறுக்கு ஒன்று. அறை எண்கள் கீழ்த்தளம், மேல்தளம் என்று கலந்து கிடக்கின்றன, எனவே குழாயிலோ ஒரு குறிப்பிட்ட கெய்சரிலோ கோளாறு இல்லை. அறையில் இருப்பது 15 லிட்டர், 2,000 வாட் கெய்சர் என்றால், 27 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்ற அதற்கு ஏறக்குறைய 17 நிமிடம் ஆகும். அந்தப் 15 லிட்டரில் பச்சைத் தண்ணீர் கலந்தால் குளிக்கிற சூட்டில் கிடைப்பது சுமார் 38 லிட்டர், நம்முடைய வாளியில் இரண்டு. விடியற்காலை நாலரைக்கு ஐந்து பேர் வரிசையாகக் குளிக்கிறார்கள். முதல் இருவருக்குச் சுடுதண்ணி, மூன்றாமவருக்கு வெதுவெதுப்பு, பாட்டிக்குப் பச்சைத் தண்ணீர். கெய்சர் சரியாகத்தான் இருக்கிறது. அந்த அறையைப் பெரிய குடும்பத்துக்குக் கொடுத்ததில்தான் சிக்கல்.

செலவில்லாத மாற்றத்திலிருந்து தொடங்கலாம். சாவி கொடுக்கும்போதே, “இரண்டு பேர் குளிச்சதும் இருபது நிமிஷம் விடுங்க, மறுபடி சூடாயிடும், வயசானவங்களை முதல்ல அனுப்புங்க” என்று சொல்வது, அதையே குளியலறைக் கதவில் தமிழிலும் தெலுங்கிலும் ஒட்டுவது. அவ்வளவுதான், அடுத்த நாற்பது குழு வரும்வரை வேறெதையும் மாற்றக் கூடாது. கெய்சர் அறிவிப்பையும் புதுத் தலையணையையும் ஒரே வாரத்தில் கொண்டுவந்தால், நோட்டில் வரி குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று தெரியாது. பெரிய குடும்பங்களின் புகார் அப்படியே நின்றால், நாலு கட்டில் அறைகளுக்கு மட்டும் 25 லிட்டர் கெய்சர் வாங்குவதற்கு இப்போது நியாயம் இருக்கிறது. எல்லா அறைக்கும் வாங்கத் தேவையில்லை என்பதும் அதே நோட்டிலிருந்து தெரிகிறது.

எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று கேட்பவர்களுக்கு: பத்துக் குழுவில் ஒன்றைத் தொடுகிற குறை, அதை எல்லாரும் சொல்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டால், முப்பது குழுக்களில் ஒன்றின் வாயிலும் வராமல் போக நூற்றுக்கு நாலு வாய்ப்புதான் உண்டு. முப்பதுக்குள் வந்துவிடும். ஆனால் ஒருமுறை வந்ததைப் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது. வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஊர்க்காரர் மூன்று பேர் சொன்னால் அதைத் திரும்ப வருவது என்று எடுத்துக்கொள்வது எங்கள் பரிந்துரை. ‘வெவ்வேறு நாள்’ என்பதில் கறாராக இருங்கள். ஆடிக் கிருத்திகை அன்றோ, டிசம்பர் 31 படித் திருவிழா இரவிலோ பத்துப் பேர் தண்ணீர் இல்லை என்று சொன்னால் அது பத்து அல்ல, ஒரு நாளில் நடந்த ஒரு நிகழ்ச்சி. காவடிக் கூட்டம் ஊரையே நிரப்புகிற நாள்களின் வரிகளுக்கு ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுத் தனியாக எண்ணுங்கள். அவற்றுக்கான தீர்வு லாரித் தண்ணீரும் கூடுதல் ஆளும்தான். சாதாரண நாளின் தீர்வோடு அதைக் கலந்தால் இரண்டும் கெடும்.

மதிப்பெண் கேட்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 2003-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் ஃப்ரெட் ரைக்கெல்ட் எழுதியதிலிருந்து, நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா என்று கேட்டு 0 முதல் 10 வரை எண் வாங்குவது உலகெங்கும் பரவிவிட்டது. 9, 10 தந்தவர்களின் சதவீதத்திலிருந்து 6-உம் அதற்குக் கீழும் தந்தவர்களின் சதவீதத்தைக் கழிப்பார்கள். ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்கும் நிறுவனத்துக்கு அது உதவலாம். முப்பது பேரிடம் கேட்கும் நமக்கு, ஒரே ஒரு குடும்பம் 9-இலிருந்து 6-க்கு இறங்கினால் மதிப்பு ஏறக்குறைய ஏழு புள்ளி சரிந்துவிடும். அந்தச் சரிவைப் பார்த்துக் கவலைப்படலாமே தவிர, எந்தக் குழாயைத் திறந்து பார்ப்பது என்று அது சொல்லாது.

திரும்ப வரும்வரை காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. கெய்சர் குழாயைத் தொட்டால் ஜிவ்வென்று ஷாக் அடித்தது, கதவுத் தாழ்ப்பாள் வெளியிலிருந்து திறக்கிறது, யாரோ கதவைத் தட்டினார்கள், சாப்பிட்டதும் குழந்தைக்கு வாந்தி: இவற்றில் ஒரு வரி போதும். அன்றே அந்த அறையைப் பூட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

வாடகை அதிகம் என்பது எல்லா நோட்டிலும் திரும்பத் திரும்ப வரும். அதை எழுதாமல் விடாதீர்கள், ஆனால் தனியாக வைத்துப் படியுங்கள். கிருத்திகை அன்று வாடகையை ஏற்றியபோது வந்ததா, சாதாரணச் செவ்வாய்க்கிழமை வந்ததா? அதே வரியில் வேறு என்ன சொன்னார்? ‘வாடகை ஜாஸ்தி, சுடுதண்ணியும் இல்லை’ என்று சேர்ந்து வந்தால் அதை வெந்நீர்க் கணக்கில் சேருங்கள். வேறெந்தக் குறையும் சொல்லாமல், விசேஷமில்லாத நாள்களில், வெவ்வேறு ஊர்க்காரர் வாடகையை மட்டுமே சொல்கிறார்கள் என்றால், பக்கத்து மூன்று விடுதிகளின் வாடகைப் பலகையைப் போய்ப் பார்த்துவிட்டு வர ஒரு ஆளை அனுப்புங்கள்.