மாவட்டத்தை மாற்றியது அரசு. ஆதாரை மாற்ற வேண்டியது யார்?

திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்து 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. குற்றாலத்தில் குடியிருப்பவர் வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை, 627802 என்ற பின்கோடும் மாறவில்லை. ஆனால் அதற்கு முன் எடுத்த அவருடைய ஆதார் அட்டையில் மாவட்டம் திருநெல்வேலி என்றே இருக்கிறது. தாமாகத் திருத்திக்கொள்ளாத வீடுகளில் அந்த அட்டைகள் இன்றும் அப்படியேதான் புழக்கத்தில் உள்ளன.

முகவரி மாறினால் திருத்தம் கேட்க வேண்டிய பொறுப்பு யாருக்கு என்பதை 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் 31ஆம் பிரிவில் சொல்கிறது. விவரம் தவறாக இருந்தாலும், பின்னால் மாறினாலும், அதை வைத்திருப்பவரே ஆதார் ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். வீடு மாறிப் போனவருக்கு இது நியாயமான விதி. இருந்த இடத்திலேயே இருந்தவரையும் அதே வரிசையில் நிறுத்துவது நியாயமல்ல. மாவட்டப் பெயரை மாற்றியது அரசு. பதிவேட்டில் அதை மாற்றும் வேலையும் அரசினுடையதாகவே இருக்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

மாவட்டப் பெயர் பழையதாக இருப்பதால் மட்டும் ரேஷன் அரிசியோ முதியோர் உதவித்தொகையோ நின்றுவிடாது. அந்தப் பயம் வேண்டாம். இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் இடத்தில்தான் சிக்கல் வருகிறது. வாக்காளர் அட்டை தென்காசி என்கிறது, ஆதார் திருநெல்வேலி என்கிறது. எது சரி என்று கவுண்டரில் இருப்பவர் கேட்கிறார். திருத்திக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார். அப்படித் திருத்தப் போகும்போதுதான் பலருக்கு அடுத்த பூட்டு தெரியவருகிறது. ஆதாரில் பதிந்த கைபேசி எண் இப்போது அவர்களிடம் இல்லை.

எடுத்துக்காட்டுக்கு, கடையநல்லூரில் பிறந்து இலஞ்சியில் வாழ்க்கைப்பட்ட, பீடி சுற்றும் ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். திருமணத்துக்கு முன் எடுத்த ஆதார். முகவரி கடையநல்லூர், திருநெல்வேலி மாவட்டம். முகாமில் கேட்டபோது அண்ணனின் எண்ணைக் கொடுத்திருந்தார். அண்ணன் வளைகுடாவுக்குப் போனபின் அந்த சிம்மைக் கவனிக்க ஆளில்லை. இன்று அந்தப் பெண் தன் மகளுக்கு பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும், தன் வருங்கால வைப்பு நிதியையும் பார்க்க வேண்டும். இணையத்தில் ஆதாரைத் தொடும் வேலைகள் பெரும்பாலும் ஓடிபி கேட்கின்றன. அந்த ஓடிபி வந்து சேர இடமில்லை.

இது வெறும் தாமதத்தோடு முடிவதில்லை. பயன்படுத்தாத பிரீபெய்டு எண்ணை நிறுவனங்கள் துண்டித்துவிடுகின்றன. துண்டித்து 90 நாள் கழிந்தபின் அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் நடைமுறை. அண்ணனின் பழைய எண் இந்நேரம் முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருக்கலாம். இந்தப் பெண்ணின் ஆதாருக்கான ஓடிபி அவருக்குப் போகும்.

எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று அறிய எங்கும் அலைய வேண்டியதில்லை. `myaadhaar.uidai.gov.in` தளத்தில் `Check Aadhaar Validity` என்ற பகுதியில் ஆதார் எண்ணைக் கொடுத்தால், வயது வரம்பு, பாலினம், மாநிலம் ஆகியவற்றோடு பதிவான கைபேசியின் கடைசி மூன்று இலக்கங்களும் தெரியும். இதற்கு ஓடிபி தேவையில்லை. அந்த மூன்று இலக்கம் உங்கள் எண்ணோடு பொருந்தவில்லை என்றால், முகவரி வேலையைத் தொடங்குமுன் எண்ணை மாற்றுங்கள். முகவரியை இணையத்தில் மாற்ற அந்தத் தளத்துக்குள் நுழைய வேண்டும். நுழைய ஓடிபி வேண்டும். வரிசை தலைகீழாகப் போனால் பணமும் நாளும்தான் வீண்.

எண்ணை மாற்ற எந்த ஆவணமும் தேவையில்லை, ஆள் நேரில் போனால் போதும். தாலுகா அலுவலகத்திலோ, அஞ்சலகத்திலோ, சில வங்கிக் கிளைகளிலோ உள்ள ஆதார் மையத்தில் விரல் ரேகையோ கருவிழியோ பதிந்து சரிபார்த்தபின் புதிய எண்ணை ஏற்றுவார்கள். 2025 அக்டோபர் 1 முதல் கட்டணம் 75 ரூபாய்; அதற்கு முன் 50. ஒரே நேரத்தில் எண்ணையும் முகவரியையும் மாற்றினால் ஒரே கட்டணம்தான். அதனால் முகவரிச் சான்று கையில் இருப்பவர்கள் இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொள்வது நல்லது. மையத்தை விட்டு வெளியே வருமுன் ஒப்புகைச் சீட்டில் எண்ணின் பத்து இலக்கங்களையும் படித்துப் பாருங்கள். தமிழில் அச்சாகும் முகவரியையும் படியுங்கள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வதைக் கணினி தானாகத் தமிழாக்குகிறது. எழுத்து ஒன்று பிசகினால் குற்றாலம், மயிலாடுதுறை மாவட்டத்துக் குத்தாலமாகிவிடக் கூடும். திருத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

இலஞ்சிப் பெண்ணுக்கு இங்கேயே ஒரு தடை காத்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் பீடி இலையை நறுக்கிச் சுருட்டும் விரல்களில் ரேகை தேய்ந்துவிடும். தபால்காரர் வீட்டுக்கே வந்து எண்ணை மாற்றித்தரும் வசதி 2021இல் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி வழியாக வந்தது. விரல் பதியாதவருக்கு அது உதவாது. அவர் மையத்துக்கே போய்க் கருவிழியைப் பதிய வேண்டும். ஒரு நாள் கூலி அதோடு போகும்.

எண் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி முகவரி. புகுந்த வீட்டு மின்கட்டண ரசீது மாமனார் பெயரில் இருக்கும். சில வீடுகளில் மாமனாரின் தந்தை பெயரிலேயே இன்னும் இருக்கும். விண்ணப்பிப்பவர் பெயரில் இல்லாத ரசீது முகவரிச் சான்றாகச் செல்லாது. இப்படிப்பட்டவர்களுக்காகவே 2023 ஜனவரியில் ஆணையம் ஒரு வழியைத் திறந்தது. தளத்தில் `Head of Family (HoF) based Address Update` என்று இருக்கும். மனைவி தன் கணக்கிலிருந்து கணவரின் ஆதார் எண்ணைக் கொடுத்து விண்ணப்பிக்கிறார், உறவுக்குச் சான்றாக ரேஷன் அட்டையோ திருமணச் சான்றிதழோ ஏற்றுகிறார். கணவர் தன் கணக்கில் நுழைந்து 30 நாளுக்குள் சம்மதம் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் முடிந்துவிடும், கட்டிய பணம் திரும்பாது.

நல்ல வழிதான். ஆனால் சம்மதம் தருவதற்குக் கணவரின் எண்ணும் ஆதாரோடு சரியாக இணைந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, கணவரின் ஆதாரில் உள்ள முகவரிதான் மனைவியின் பதிவில் போய் உட்காரும். கணவரின் அட்டையில் இலஞ்சி, திருநெல்வேலி மாவட்டம் என்று இருந்தால், மனைவிக்கும் அதுவே வரும். ஓடியாடித் திருத்திய பின்னும் அவர் கையில் இருப்பது பழைய மாவட்டம்தான். கணவருக்கு ஒரு திருத்தம், பிறகு மனைவிக்கு ஒரு திருத்தம், பிள்ளைகளுக்கு வேறு. ஒரு பழைய மாவட்டப் பெயர் இப்படி ஒரு வீட்டுக்குள் ஆளுக்கு ஆள் பரவுகிறது. எங்கும் இடம்பெயராத குடும்பம் தலைக்கு 75 ரூபாய் கட்டி இதைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

மக்களின் சம்மதமில்லாமல் அவர்களுடைய பதிவில் கைவைக்கக் கூடாது என்று ஆணையம் பதில் சொல்லலாம். வீட்டு எண்ணிலும் தெருவிலும் கைபேசி எண்ணிலும் அதை நாம் முழுமையாக ஏற்கிறோம். அவை அந்த மனிதர் தன்னைப் பற்றிச் சொன்ன தகவல்கள். ஓர் ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பது அப்படிப்பட்டதல்ல. அது அரசாணை முடிவு செய்வது. ஊரின் பெயரும் பின்கோடும் பதிவில் ஏற்கெனவே இருக்கின்றன. தென்காசி மாவட்டத்தின் எட்டு தாலுகாக்களிலும் உள்ள வருவாய்க் கிராமங்களின் பட்டியல் மாநில அரசிடம் இருக்கிறது. பட்டியலை மாநிலம் கொடுத்து, ஊரும் பின்கோடும் ஐயமின்றிப் பொருந்தும் பதிவுகளில் மாவட்டப் பெயரை மட்டும் ஆணையம் மாற்றி, உரியவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். வேண்டாம் என்பவர் மறுக்க அவகாசம் தரலாம். எல்லைப்புறத்தில் ஒரே பின்கோடு இரண்டு மாவட்டத்து ஊர்களுக்கும் வரும் இடங்களை மட்டும் ஆள் வைத்துப் பார்த்தால் போதும். இதே 2019 நவம்பரில் பிறந்த கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு மக்களுக்கும் இது பயன்படும்.

கைபேசி எண்ணில் நாம் அப்படிக் கேட்கவில்லை. உடற்கூறு அடையாளம் இல்லாமல் எண்ணை மாற்ற விட்டால், மோசடிக்காரர் கையில் வங்கிக் கணக்கின் சாவியைக் கொடுத்ததாகிவிடும். கண்டிப்பு இருக்கட்டும், கருவி மக்களிடம் வரட்டும். முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே எண்ணை மாற்றும் வசதியைப் புதிய ஆதார் செயலியில் தரப்போவதாக 2025 நவம்பரில் ஆணையம் அறிவித்தது. நல்ல கைபேசி வைத்திருப்பவருக்கு அது ஆறுதல். சாதாரண பட்டன் போன் வைத்திருக்கும் பீடித் தொழிலாளிக்கும், சாரல் காலத்தில் மட்டும் குற்றாலத்தில் கடை போடும் வியாபாரிக்கும், வயதான விவசாயிக்கும் அல்ல. விவசாயிகளுக்கான தனி அடையாள எண்ணைத் தமிழக அரசு 2025இல் கிராமம் கிராமமாக முகாம் போட்டுத்தான் வழங்கியது. அதற்கும் ஆதாரோடு இணைந்த கைபேசி எண் கேட்கப்பட்டது. பட்டாவைக் கொண்டுவந்தும் ஓடிபி வராமல் திரும்பியவருக்கு, அதே மேசையில் எண்ணையும் மாற்றித்தர ஓர் ஆதார் கருவி இருந்திருந்தால் வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

எனவே தென்காசி மாவட்ட நிர்வாகம் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகங்களில் கருவிழிக் கருவியோடு ஆதார் முகாம்களை நடத்த வேண்டும். பீடிக் கம்பெனிகள் இலை கொடுத்து பீடி வாங்கும் இடங்களுக்கு அருகிலும் அவை நடக்க வேண்டும். மாவட்டப் பிரிவினால் மட்டும் திருத்தம் கேட்பவரிடம் 75 ரூபாய் வாங்கக் கூடாது. அந்தச் செலவை மாநில அரசு ஏற்க வேண்டும். மொத்தமாக மாவட்டப் பெயரைத் திருத்த ஆணையத்திடம் முறையான கோரிக்கையை மாநில அரசு அனுப்ப வேண்டும்.

வாசகர்களிடம் கேட்பது ஒன்று உண்டு. பழைய சிம்மைக் கைவிட நினைத்தால், ஆதாரில் புதிய எண் ஏறியதை உறுதி செய்த பிறகு விடுங்கள். வீட்டில் தனிக் கைபேசி இல்லாத பெரியவர்களின் ஆதாரோடு உங்கள் எண்ணையே சேர்க்கலாம். ஒரே எண்ணைப் பல ஆதாரில் பதிய அனுமதி இருக்கிறது. கணினி மையக்காரர் எண்ணையோ முகவர் எண்ணையோ மட்டும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஐயம் இருந்தால் 1947 என்ற எண்ணை அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.